தேடிய இடத்திலேயே திருத்துவது

ஒரு நாவல் 30 அத்தியாயங்களாக, 30 கோப்புகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. நாயகியின் பெயர் மீனா. கடைசி அத்தியாயமும் முடிந்த பிறகு அந்தப் பெயர் பொருந்தவில்லை, மலர் என்று வைக்க வேண்டும் என்று எழுதியவர் முடிவு செய்கிறார்.

கணினியில் எழுதியதுதானே, “எல்லாவற்றையும் மாற்று” என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதாதா என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தால் ‘மீனாவை’ என்பது ‘மலர்வை’ ஆகிவிடும். ‘மீனாவுக்கு’ என்பது ‘மலர்வுக்கு’ ஆகிவிடும். மீனாட்சி அம்மன் ‘மலர்ட்சி அம்மன்’ ஆவாள். ‘விண்மீனாக மின்னியது’ என்ற இடத்தில் ‘விண்மலர்க மின்னியது’ என்று நிற்கும். மீனவர் கதையாயிற்றே, ‘ஒரு மீனாவது வலையில் விழாதா’ என்று யாராவது ஏங்கியிருப்பார்கள். அது ‘ஒரு மலர்வது வலையில் விழாதா’ என்று அச்சுக்குப் போகும். முழுச் சொல்லாக ‘மீனா’ வரும் இடங்களை மட்டும் மாற்று என்று கட்டளையை இறுக்கினால் மீனாட்சி தப்பிப்பாள். ஆனால் மீனாவை, மீனாவுக்கு, மீனாவோடு எல்லாம் பழைய பெயரிலேயே தங்கிவிடும். உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மாற்றம் இப்படித்தான் முடியும்.

30 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தேடி, திருத்தி, சேமித்து மூடலாம். பலரும் இன்று அப்படித்தான் செய்கிறார்கள். நேரம் வீணாவதைக் காட்டிலும் பெரிய சிக்கல் அதில் ஒன்று உண்டு. இருபதாவது கோப்புக்கு வரும்போது, மூன்றாவது கோப்பில் ‘மீனாக்கா’வை ‘மலரக்கா’ என்று மாற்றினோமா, ‘மலர் அக்கா’ என்று பிரித்து எழுதினோமா என்பது நினைவில் இருக்காது.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது. தமிழில் நீண்ட நூல்களை எழுதுபவர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் அவர்களைவிடக் கூடுதலாகவே உதவக்கூடியது. எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல் வரும் வரிகளைத் தேடி ஒரே பட்டியலாக எடுத்து, அந்தப் பட்டியலின் மேலேயே திருத்தங்களைச் செய்துவிட்டால், ஒவ்வொரு வரியும் தான் வந்த கோப்புக்கே திரும்பிப் போய் அங்கே பதிந்துகொள்ளும்.

தேடுவதற்குப் பயன்படுவது கிரெப் என்ற சிறு நிரல். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் எழுதியது. 1973 முதல் யூனிக்ஸில் இருக்கிறது. அதற்கு முன்பே அவர் எழுதியிருந்த `ed` என்ற திருத்தி நிரலில், குறிப்பிட்ட சொல் வரும் வரிகளையெல்லாம் அச்சிட்டுக் காட்டும் கட்டளையும் இருந்தது, அதே வரிகளை மாற்றும் கட்டளையும் இருந்தது. ஆனால் அது ஒரு சமயத்தில் ஒரு கோப்பில்தான் வேலை செய்யும். அதிலிருந்து தேடிக் காட்டும் வேலை மட்டும் தனி நிரலாக வெளியே வந்ததும், எத்தனை கோப்புகளிலும் தேட முடிந்தது. திருத்தும் வேலை மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது. நாம் இங்கே பார்க்கும் முறை அந்த இரண்டையும் மறுபடி ஒன்று சேர்க்கிறது.

நம் நாவலில் ‘மீனா’வைத் தேடினால் கிரெப் தரும் பட்டியலின் ஒரு பகுதி இப்படி இருக்கும்:

```
./07.txt:12:மீனாவை அன்று கரையில் யாரும் பார்க்கவில்லை.
./07.txt:31:மீனா மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள்.
./09.txt:8:மீனாக்கா என்று கூப்பிட்ட சிறுவனை முறைத்தாள்.
./11.txt:4:“ஒரு மீனாவது வலையில் விழாதா?” என்றார் கிழவர்.
./15.txt:22:தொலைவில் ஒரு விளக்கு விண்மீனாக மின்னியது.
```

ஒவ்வொரு வரியின் முன்னாலும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் நிற்பதைக் கவனியுங்கள். இந்த முறை முழுவதும் அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. அனுப்பியவரின் முகவரி எழுதிய கடிதம்போல, ஒவ்வொரு வரிக்கும் திரும்பிப் போக வேண்டிய இடம் அதன் மேலேயே எழுதியிருக்கிறது. பட்டியலில் வரியைத் திருத்தினால், அதை எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் வைக்க வேண்டும் என்று கணினிக்கு வேறு எதையும் கேட்காமலே தெரியும்.

இதைச் செய்யக்கூடிய திருத்திகள் பல உண்டு. நான் இங்கே எமாக்ஸை எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கென்று மசாஹிரோ ஹயாஷி எழுதிய `wgrep` என்ற துணை நிரல் அதில் நன்றாகப் பக்குவப்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம். எமாக்ஸ் இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். துணை நிரலை நிறுவ, ஆல்ட் விசையோடு x அழுத்தி `package-install` என்று தட்டி, பெயராக `wgrep` என்று கொடுத்தால் போதும்.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். கோப்புகளின் நகல் ஒன்றை எடுத்து வைப்பது முதலாவது. `git` பயன்படுத்துபவர்கள் அதுவரை எழுதியதை அதில் பதிந்து வைத்தால் போதும். இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய பெயரைத் தேடுவதற்கு முன்னால் புதிய பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். நாவலில் ‘மலர்’ என்ற சொல் பூ என்ற பொருளில் ஏற்கனவே எத்தனை இடத்தில் வருகிறது? ‘மலரைக் கையில் வாங்கினான்’ என்று ஒரு வரி இருந்தால், பெயர் மாறிய பிறகு அதன் பொருளே வேறாகிவிடும். தவிரவும், நாளைக்கு மனம் மாறி மீனாவே இருக்கட்டும் என்று திரும்ப நினைத்தால், பெண்ணாக இருக்கும் மலரையும் பூவாக இருக்கும் மலரையும் தேடல் பிரித்துக் காட்டாது. இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு வேறு பெயரே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவு செய்தாலும் வியப்பில்லை.

இனி வேலைக்கு வருவோம். எமாக்ஸில் ஆல்ட்-x அழுத்தி `rgrep` என்று தட்டினால் என்ன தேட வேண்டும், எந்த வகைக் கோப்புகளில், எந்த அடைவில் என்று மூன்று கேள்விகளைக் கேட்கும். ‘மீனா’, `*.txt`, நாவல் இருக்கும் அடைவு என்று பதில் கொடுத்தால் பட்டியல் திரையில் வரும். அப்போது அதைப் படிக்க மட்டுமே முடியும். கண்ட்ரோல் விசையோடு c, பிறகு கண்ட்ரோல் விசையோடு p அழுத்தினால் `wgrep` விழித்துக்கொண்டு பட்டியலைத் திருத்த அனுமதிக்கும். முன்னால் இருக்கும் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் மட்டும் தொட விடாது. அவை கெட்டுப்போனால் வரி எங்கே திரும்புவது என்பது தெரியாமல் போய்விடும் அல்லவா?

ஒவ்வொரு வரியாகக் கையாலேயே திருத்திக்கொண்டு போகலாம். நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தால் தமிழ் இலக்கணமே நமக்கு ஒரு குறுக்கு வழியைத் தருகிறது. ‘மீனா’ உயிரொலியில் முடிகிறது; அதனோடு ஐ, இன், உம், ஓடு என்று உயிரில் தொடங்கும் உருபு சேரும்போது நடுவில் வகர உடம்படுமெய் வருகிறது. ‘மலர்’ மெய்யில் முடிவதால் அதற்கு உடம்படுமெய் தேவையில்லை. உயிர் நேராக ரகரத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. யூனிகோடில் ‘வை’ என்ற எழுத்து, ‘வ’ என்ற குறியாகவும் அதன் ஐகாரக் கொம்பு தனிக் குறியாகவும் இரண்டு துண்டுகளாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் ‘மீனாவ’ என்பதை ‘மலர’ என்று மாற்றச் சொன்னால், பின்னால் நிற்கும் உயிர்க்குறி அப்படியே ரகரத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். மீனாவை, மலரை ஆகும். மீனாவுக்கு, மலருக்கு ஆகும். மீனாவின், மீனாவோடு, மீனாவிடம், மீனாவும் எல்லாம் பிழையில்லாமல் மாறும்.

எமாக்ஸில் இதற்கு ஆல்ட் விசையோடு % அழுத்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நின்று மாற்றலாமா என்று கேட்கும். மாற்ற y, விட்டுவிட n. ‘ஒரு மீனாவது’ வரும்போது n அழுத்த வேண்டும். இல்லையென்றால் கிழவர் ‘ஒரு மலரது வலையில் விழாதா’ என்று கேட்பார். இந்தச் சுற்று முடிந்ததும் உருபு ஒட்டாத ‘மீனா’வை ‘மலர்’ என்று மாற்ற இன்னொரு சுற்று. இதில் மீனாட்சிக்கும் விண்மீனுக்கும், மறுபடி குறுக்கே வரும் ‘மீனாவது’க்கும் n சொல்ல வேண்டும். ‘மீனாக்கா’வுக்கும் n சொல்லிவிட்டு, பிறகு அந்த இடத்துக்குப் போய்க் கையால் ‘மலரக்கா’ என்று எழுதலாம். அதுபோல வரும் எல்லா இடங்களும் ஒரே பட்டியலில் கண் முன்னால் இருப்பதால், ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதும் ஆபத்து குறைகிறது. இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். எல்லா இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் சீர்மை பிடிபடுகிறது. கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும்போது அது பிடிபடுவதில்லை.

திருத்தப்பட்ட வரிகள் பட்டியலில் வேறு நிறத்தில் தெரியும். இந்தக் கட்டத்தில் அவசரப்படாமல் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். இதுவரை எந்தக் கோப்பிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எல்லாம் தவறாகப் போய்விட்டது என்று தோன்றினால் கண்ட்ரோல்-c, கண்ட்ரோல்-k அழுத்தினால் திருத்தங்கள் அனைத்தும் கைவிடப்படும். சரியாக இருந்தால் கண்ட்ரோல்-c, கண்ட்ரோல்-c. உடனே `wgrep` கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உரிய வரிக்குப் போய், திருத்தத்தைப் பதியும்.

பதிவதற்கு முன்னால் அது செய்யும் ஒரு சோதனை முக்கியமானது. தேடியபோது பட்டியலில் வந்த பழைய வரியும், கோப்பில் அதே எண்ணில் இப்போது இருக்கும் வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்றாக இருந்தால்தான் மாற்றும். தேடலுக்குப் பிறகு 7ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் நீங்கள் ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்திருந்தால், வரிகள் எல்லாம் ஒன்று கீழே இறங்கியிருக்கும். 12ஆம் வரியில் இருந்தது 13க்குப் போயிருக்கும். வெறும் எண்ணை மட்டும் நம்பும் நிரல், சம்பந்தமே இல்லாத ஒரு வரியின் மேல் எழுதிவிடும். `wgrep` அந்த வரியைத் தொடாமல் விட்டு, பட்டியலில் அதை நிராகரித்ததாக நிறம் காட்டி நிறுத்தும். அப்படிக் கண்டால் மற்ற மாற்றங்களைச் சேமித்துவிட்டு, புதிதாகத் தேடி, விடுபட்டவற்றை மட்டும் மறுபடி திருத்த வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்களை அதிகம் குழப்புவது வேறொன்று. பட்டியலில் முடித்தாயிற்று, மாற்றமும் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு முறை தேடுவார்கள். பழைய மீனா அப்படியே பட்டியலில் வந்து நிற்பாள். திருத்தம் வட்டில் இருக்கும் கோப்புக்கு இன்னும் போகவில்லை என்பதுதான் காரணம். எமாக்ஸ் கோப்பைத் திறக்கும்போது அதன் நகலை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதை பஃபர் என்பார்கள். `wgrep` மாற்றுவது அந்த பஃபரைத்தான். கிரெப் படிப்பதோ வட்டில் இருப்பதை. மாறியும் சேமிக்கப்படாத பஃபரின் அடிப்பட்டையில் இரண்டு நட்சத்திரக் குறிகள் தெரியும். ஆல்ட்-x அழுத்தி `wgrep-save-all-buffers` என்று தட்டினால் எல்லாம் ஒரே வீச்சில் சேமிக்கப்படும்.

பதிந்தவுடன் தானாகவே சேமிக்கும்படி அமைத்துக்கொள்ளவும் முடியும்:

```
(setq wgrep-auto-save-buffer t)
```

நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சேமிக்காமல் நிற்கும் அந்த இடைவெளியில், ஏதாவது ஓர் அத்தியாயத்தைத் திறந்து, மாறிய வரியை அதன் முன்பின் பத்திகளோடு படித்துப் பார்க்கலாம். பட்டியலில் சரியாகத் தோன்றிய திருத்தம் சுற்றியிருக்கும் உரையாடலோடு சேர்த்துப் படிக்கும்போது இடறுவதுண்டு.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயகியின் பெயர் மீனாவாக இல்லாமல் கோமதியாக இருந்திருந்தால்? ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரத்துக்கான ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரெப்புக்கு இரண்டும் வெவ்வேறு. ஒரு விதத்தில் தட்டித் தேடினால் இன்னொரு விதத்தில் எழுதப்பட்ட கோமதி பட்டியலுக்கே வரமாட்டாள். வராத வரியைத் திருத்தவும் முடியாது. எந்தக் கோப்புகளில் இப்படிப் பிரிந்த கொம்புகள் இருக்கின்றன என்பதை ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம்:

```
grep -rlE $'[\u0bc6\u0bc7]\u0bbe' --include='*.txt' .
```

இது பாஷ் முனையத்தில் தட்ட வேண்டிய கட்டளை. ஏதாவது கோப்பின் பெயர் வந்தால் அதை எமாக்ஸில் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, `ucs-normalize-NFC-region` கட்டளையை ஓட்டினால் பிரிந்த கொம்புகள் ஒன்றாகிவிடும். பெயர் மாற்றும் வேலையை அதற்குப் பிறகு தொடங்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய அத்தியாயங்கள் இருந்தால், முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்; அவற்றில் மீனாவே மீனாவாகச் சேமிக்கப்பட்டிருக்க மாட்டாள். வேர்டு கோப்புகளிலும் இந்த முறை செல்லாது. அவை சுருக்கிக் கட்டப்பட்ட பொதிகள். கிரெப்பால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. வெற்று உரைக்கோப்புகளில் எழுதுபவர்களுக்கே இது பயன்படும்.

வேறு திருத்திகள் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. விம் திருத்தியில் தேடல் முடிவுகள் குவிக்ஃபிக்ஸ் என்ற பட்டியலில் விழும். `:cdo` என்ற கட்டளை அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரே மாற்றத்தைச் செய்யும். கேட்டுக் கேட்டுச் செய்யும்படியும் சொல்லலாம். எமாக்ஸிலும், திறந்திருக்கும் ஒரு பஃபருக்குள் தேடும் `occur` பட்டியலைத் திருத்தும் வசதி 2012இல் வந்த 24.1 பதிப்பிலிருந்தே உண்டு. அதே வசதியை கிரெப் பட்டியலுக்கும் எமாக்ஸின் உள்ளேயே கொடுக்கும் வேலை 31ஆம் பதிப்புக்காகச் செய்யப்பட்டது. அதில் பட்டியலில் நின்று e அழுத்தினால் போதும், துணை நிரல் தேவையில்லை.

நம் நாவலுக்கு வருவோம். சேமித்த பிறகு ‘மீனா’வை மறுபடி தேட வேண்டும். இந்த முறை பட்டியலில் மீனாட்சியும், விண்மீனும், கிழவரின் ‘ஒரு மீனாவது’வும் மட்டும் இருக்க வேண்டும். பிறகு ‘மலர்வ’ என்றும் ‘மலர்க்கா’ என்றும் தேடிப் பார்ப்பது நல்லது. முதல் சுற்றைத் தாண்டிப்போய், இரண்டாவது சுற்றில் தவறான வடிவத்தில் மாறியவை அதில் சிக்கும். அதன் பிறகும் எந்தத் தேடலுக்கும் சிக்காதவை சில இருக்கும். அம்மா அவளை ‘மீனு’ என்று செல்லமாகக் கூப்பிட்டிருப்பாள். அதை ‘மீனா’ என்ற தேடல் கண்டுபிடிக்காது. தனியாகத் தேடிப் பட்டியல் எடுக்க வேண்டும். அந்த இடங்களில் மலருக்கு என்ன செல்லப் பெயர் வைப்பது என்பதை எழுதியவர்தான் யோசிக்க வேண்டும். ‘மீன் பெயரை வைத்துக்கொண்டு மீன் தின்ன மாட்டேன் என்கிறாயே’ என்று ஓர் உரையாடல் இருந்தால், பெயர் மாறியதும் அது பொருளற்றுப் போகும். எந்தச் சொல்லைத் தேடினாலும் அந்த வரியைப் பிரச்சினை என்று பட்டியல் காட்டாது.

எத்தனை வரிகள் வரைக்கும் இந்த முறை சரிப்படும் என்று கேட்டால், ஒரே அமர்வில் கண் தளராமல் படித்து முடிக்கக்கூடிய அளவு என்பேன். சில நூறு வரிகளுக்கு இது மிகவும் பொருத்தம். அதற்கு மேல் போனால் y, y என்று விரல் தானாகவே தட்டத் தொடங்கும். அப்போது மீனாட்சியும் மலர்ட்சி ஆகிவிடுவாள். பட்டியல் நீளமாக இருந்தால் அத்தியாயங்களைப் பத்துப் பத்தாகப் பிரித்துத் தேடி, ஒவ்வொரு தொகுதியையும் முடித்துச் சேமித்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். ஒரு நிறுத்தற்குறியை எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி மாற்றுவதுபோல, முடிவெடுக்க எதுவுமே இல்லாத மாற்றமாக இருந்தால் பட்டியல் வேண்டாம். “எல்லாவற்றையும் மாற்று” என்ற கட்டளையே அதற்குப் போதும்.